மாதம் 5,000 போட்டால் முதிர்வில் எவ்வளவு? ஒரே கேள்விக்கு ஏன் வேறு வேறு விடை வருகிறது

கேள்வி: மாசம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி., 15 வருஷம், 12% ரிட்டர்ன்னு ஒரு ஆப்ல போட்டா 25,22,880 காட்டுது. இன்னொரு ஆப்ல அதே விவரத்தைப் போட்டா 23,79,657 வருது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.க்கு அவங்க சொல்ற தொகையும் இந்த ரெண்டு ஆப் கணக்கோடயும் ஒத்துப்போகல. எதை நம்புறது? கையாலயே கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்கா?

பதில்:

எஸ்.ஐ.பி.க்கு இரண்டாவது ஆப் சொல்லும் 23.8 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆப் கூட்டலில் தப்பு செய்யவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது வருடத்துக்கு 12 சதவீதம். அது போட்டது வருடத்துக்கு 12.68 சதவீதக் கணக்கு. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.க்கு இந்த இரண்டு முறையும் பொருந்தாது. அங்கே வட்டி சேரும் விதமே வேறு. கையால் போட வழி இருக்கிறது, சாதாரண போன் கால்குலேட்டர் போதும். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் அந்த 12 எப்படி 12.68 ஆனது என்று பார்க்கலாம். மாதா மாதம் பணம் போடுவதால் நமக்கு மாத விகிதம் ஒன்று வேண்டும். முதல் ஆப் 12-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறது. மாதம் 1 சதவீதம் வளர்ந்தால் 100 ரூபாய் முதல் மாத முடிவில் 101, அடுத்த மாதம் 102.01, இப்படியே போய் 12-ஆவது மாத முடிவில் 112.68 ஆகிவிடும். வருட முடிவில் 112 ஆக நிற்க வேண்டிய பணம் 68 காசு கூடுதலாக நிற்கிறது. இந்த 68 காசுதான் 15 வருடத்தில் 1,43,223 ரூபாய் வித்தியாசமாக வளர்ந்து உங்கள் கண் முன் நிற்கிறது.

100 ரூபாய் வருட முடிவில் சரியாக 112 ஆக வேண்டுமானால் மாத விகிதம் 0.949 சதவீதமாக இருக்க வேண்டும். 1.12-க்குப் பன்னிரண்டாம் மூலம் எடுத்து 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். இரண்டாவது ஆப் செய்தது இதைத்தான்.

12-ஆல் வகுக்கும் பழக்கம் கடன் கணக்கிலிருந்து நமக்கு வந்தது. வீட்டுக் கடனுக்கு 9 சதவீதம் என்றால் வங்கி மாதம் 0.75 சதவீதம் வைத்தே ஈ.எம்.ஐ. போடுகிறது. அங்கே அதுதான் முறை, அதில் பிழையில்லை. மியூச்சுவல் ஃபண்டில் அப்படி இல்லை. ஒரு ஃபண்ட் 'கடந்த 10 ஆண்டில் 12 சதவீதம் கொடுத்தது' என்று அச்சிட்டால், அது வருடா வருடம் கூட்டாக வளர்ந்த விகிதம், அதாவது சி.ஏ.ஜி.ஆர். வருடத் தொடக்கத்தில் 100, முடிவில் 112. உங்கள் முதலீட்டு ஸ்டேட்மெண்டில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும், அதுவும் இதே வகைதான். 12 என்ற எண்ணை அந்த வகைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கடனுக்கான முறையில் அதை 12-ஆல் வகுத்தால் விடை ஊதிப்போகும். இதனால்தான், சதவீதத்தைச் சொல்லும்போதே அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது என்றும் கேட்டுவிட வேண்டும். அது தெரியாவிட்டால் முதிர்வுத் தொகையைக் கணக்கிடவே முடியாது.

இனி கைக்கணக்கு. 15 வருடத்தில் நீங்கள் போடுவது 180 தவணை. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்துக்கு உள்ளே இருக்கிறது. முதல் 5,000 முழு 180 மாதமும் வளர்ந்து 27,368 ஆகிறது. கடைசி 5,000 ஒரே ஒரு மாதம் இருந்து 5,047 ஆக வெளியே வருகிறது. முதிர்வுத் தொகை என்பது இப்படி 180 தனித்தனி வைப்புகளின் கூட்டு. 180 வரி எழுதிக் கூட்டுவது நடக்காத காரியம் என்பதால் இதை வருடம் வருடமாகக் கட்டிக்கொள்வோம்.

ஒரு வருடத்தை மட்டும் எடுங்கள். மாதத் தொடக்கத்தில் 5,000 வீதம் 12 தவணை, மொத்தம் 60,000. அந்த வருட முடிவில் பார்த்தால் முதல் தவணை 12 மாதம் இருந்திருக்கும், கடைசித் தவணை 1 மாதம் இருந்திருக்கும், சராசரி ஆறரை மாதம். ஆக 60,000 ரூபாய்க்கு ஆறரை மாதத் தனிவட்டி போட்டால் போதும். 60,000-க்கு 12 சதவீதம் என்பது வருடத்துக்கு 7,200, அதில் ஆறரை மாதப் பங்கு 3,900. எனவே வருட முடிவில் 63,900. மூலம் எல்லாம் எடுத்துத் துல்லியமாகப் போட்டால் 63,833 வரும். வெறும் 67 ரூபாய் வித்தியாசம். ஒரு வருடத்துக்குள் தனிவட்டி போடலாம், கூட்டுவட்டிக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் குறுக்குவழியின் அடிப்படை.

இந்த ஒரு எண் கையில் இருந்தால் மிச்சம் சுலபம். முதல் வருட முடிவில் 63,833. இரண்டாம் வருடம் இந்தப் பணம் 1.12 மடங்காகிறது, அதோடு புதிதாகப் போட்ட 12 தவணையின் 63,833 சேர்கிறது, ஆக 1,35,325. அதை மறுபடி 1.12-ஆல் பெருக்கி 63,833 கூட்டினால் மூன்றாம் வருட முடிவு 2,15,396. நான்காம் வருடம் 3,05,076. ஐந்தாம் வருடம் 4,05,518. இப்படியே பதினைந்து முறை செய்தால் 23.8 லட்சத்தில் போய் நிற்கும். 63,833-க்குப் பதில் தனிவட்டியில் வந்த 63,900-ஐ வைத்தே போனாலும் 15 வருட முடிவில் 23,82,000 சொச்சம் வரும். சரியான விடையிலிருந்து சுமார் 2,500 ரூபாய்தான் விலகல். அடுத்த 15 வருடத்தை ஊகிக்கும் கணக்கில் இது ஒரு பொருட்டே அல்ல.

ஐந்தாம் வருடத்தின் 4,05,518-ஐ ஒரு ஓரமாகக் குறித்து வையுங்கள், அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. 12 சதவீதத்தில் 5 வருடத்துக்குப் பணம் 1.7623 மடங்காகும். முதல் ஐந்து வருடத்தில் சேர்ந்த 4,05,518 இன்னும் பத்து வருடம் உள்ளே இருப்பதால் இருமுறை இந்த மடங்கில் பெருகி 12,59,478 ஆகிறது. நடு ஐந்து வருடத்தில் போட்டதும் அதேபோல 4,05,518 ஆகச் சேர்ந்து, ஒருமுறை பெருகி 7,14,662 ஆகிறது. கடைசி ஐந்து வருடத்தில் போட்டது 4,05,518 ஆகவே நிற்கிறது. மூன்றையும் கூட்டினால் 23,79,658. உங்கள் இரண்டாவது ஆப் காட்டிய தொகையேதான். ஒரு ரூபாய் வித்தியாசம் முழு எண்ணாக்கியதில் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, மூன்று பகுதியிலும் நீங்கள் போட்டது தலா 3 லட்சம்தான். முதல் 3 லட்சம் மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கொண்டுவருகிறது.

எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் ஒரே வரியில் முடியும்:

```
=FV((1+12%)^(1/12)-1, 180, -5000, 0, 1)
```

இதில் மூன்று இடத்தில் பலரும் வழுக்குகிறார்கள். முதல் இடம், விகிதம். அங்கே `12%/12` என்று போட்டால் 25,22,880 வந்துவிடும். இரண்டாவது, 5,000-க்கு முன்னால் உள்ள கழித்தல் குறி. அது கையை விட்டுப் போகும் பணம் என்பதற்கான அடையாளம். அதை விட்டுவிட்டால் விடையே மைனஸில் வந்து நிற்கும், தொகை என்னவோ சரியாகத்தான் இருக்கும். மூன்றாவது, கடைசியில் உள்ள 1. தவணை மாதத் தொடக்கத்தில் போகிறது என்று அது சொல்கிறது. அதை எழுதாமல் விட்டால் எக்ஸெல் மாத முடிவில் போடுவதாக எடுத்துக்கொண்டு 23,57,289 காட்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மாத வளர்ச்சி குறைந்துபோவதால் சுமார் 22,000 ரூபாய் குறைகிறது. நண்பர் ஒருவர் சொல்லும் எண்ணும் உங்கள் எண்ணும் ஏறக்குறைய 1 சதவீதம் வேறுபட்டால் முதலில் இந்த இடத்தைத்தான் பாருங்கள்.

ஒரு ஆப் எந்த விகிதத்தில் கணக்குப் போடுகிறது என்று வெளியில் சொல்லவில்லையா? விடையைக் கொடுத்து விகிதத்தைக் கேட்டுவிடலாம்:

```
=(1+RATE(180,-5000,0,2522880,1))^12-1
```

இது 12.68% என்று காட்டும். யாராவது உங்களிடம் முதிர்வுத் தொகை அச்சிட்ட காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரியைப் போட்டுப் பாருங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. மாதத் தவணையும் மாதங்களும் முதிர்வுத் தொகையும் தெரிந்தால் போதும், உண்மையான வருட விகிதம் வெளியே வந்துவிடும். வாயால் சொன்ன சதவீதத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளியை அவரிடமே கேட்கலாம்.

அடுத்து போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. அங்கே 5 வருடம், 60 தவணை. வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. 2023 அக்டோபரில் அது 6.7 சதவீதம் ஆனது. நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள விகிதம் அந்த ஐந்து வருடமும் மாறாது. ஆகவே 'நிலையான வருட வருமானம்' என்று வைத்துப் போடும் கணக்கு உண்மையிலேயே பொருந்துகிற இடம் இதுதான். எஸ்.ஐ.பி.யில் அது நாமாக வைத்துக்கொண்ட ஊகம்.

ஆர்.டி.யில் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது. 6.7-ஐ 4-ஆல் வகுத்தால் காலாண்டுக்கு 1.675 சதவீதம். இப்போது மாத விகிதம் வேண்டும் என்றால் 1.01675-க்கு மூன்றாம் மூலம் எடுக்க வேண்டும், 0.555 சதவீதம் வரும். எக்ஸெல்லில் இப்படி:

```
=FV((1+6.7%/4)^(1/3)-1, 60, -5000, 0, 1)
```

விடை 3,56,830 ரூபாய் அளவில் வரும். அஞ்சலகம் மாதம் 10,000 ரூபாய்க்குச் சொல்லும் 7,13,659-இல் இது சரிபாதி. முதல் ஆப் முறையில், அதாவது 6.7-ஐ 12-ஆல் வகுத்துப் போட்டால் ஏறக்குறைய 3,57,180 வரும், 350 ரூபாய் அதிகம். இரண்டாவது ஆப் முறையில், வருட முடிவில் 106.70 ஆகும் என்று வைத்துப் போட்டால் 3,55,300 அளவில் வரும், 1,500 ரூபாய் குறைவு. இரண்டும் அஞ்சலகத் தொகையோடு ஒட்டாததற்குக் காரணம் இதுதான். காலாண்டுக்கு 1.675 என்றால் 100 ரூபாய் வருட முடிவில் 106.87 ஆகிறது. வங்கி ஆர்.டி.யிலும் பொதுவாகக் காலாண்டுக் கூட்டுவட்டிதான், 6.7 இருக்கும் இடத்தில் அந்த வங்கி சொல்லும் விகிதத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆர்.டி.யில் எண் சரியாக வந்தாலும் அது கைக்கு வர ஒரு நிபந்தனை உண்டு: முதிர்வு நாள் வரை கணக்கு இருக்க வேண்டும். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யை மூன்று வருடம் முடிந்தபின் இடையில் முடித்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது ஆர்.டி. விகிதம் கிடைக்காது, சேமிப்புக் கணக்குக்கான வட்டி விகிதம்தான் கிடைக்கும். முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் முடித்தாலும் இதே விதிதான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று ஆர்.டி. போடுகிறவர்கள், கட்டணம் கட்டும் தேதிக்குப் பிறகு முதிர்வு நாள் விழுகிறதா என்பதைத் தொடங்கும் அன்றைக்கே காலண்டரில் பார்த்துவிட வேண்டும். ஒரு தவணையை அந்த மாதம் கட்டாமல் தள்ளிப்போட்டால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் வீதம், நம் 5,000-க்கு மாதம் 50 ரூபாய், தாமதக் கட்டணம் போகும். ஒரு மாதத்துக்கு 5,000 சம்பாதிக்கும் வட்டி 28 ரூபாய் கூட இல்லை, எனவே ஒரு தவணைத் தாமதம் அந்தத் தவணையின் கிட்டத்தட்ட இரண்டு மாத வட்டியைத் தின்றுவிடும்.

இனி எஸ்.ஐ.பி.க்குத் திரும்புவோம். இங்கேதான் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. 23.8 லட்சம் என்பது ஒவ்வொரு வருடமும் தவறாமல் 12 வந்தால் கிடைப்பது. பங்குச் சந்தை அப்படி நடப்பதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். 'ஏற்ற இறக்கம் இருந்தாலும் சராசரி 12 வந்தால் அதே தொகை வரும்தானே' என்று நினைப்பதுதான் ஆபத்து. மாதா மாதம் போடும் பணத்துக்கு அது உண்மையில்லை.

கணக்காகவே பார்க்கலாம். 15 வருடத்தை மூன்று ஐந்து வருடங்களாகப் பிரியுங்கள். ஒரு வரிசையில் முதல் ஐந்து வருடம் 6 சதவீதம், அடுத்த ஐந்து 12, கடைசி ஐந்து 18. இன்னொரு வரிசை அதற்கு நேர் எதிர்: முதலில் 18, பிறகு 12, கடைசியில் 6. இரண்டிலும் சராசரி 12தான். தொடக்கத்தில் ஒரே தொகையாக ஒரு லட்சம் போட்டுவிட்டு ஒதுங்கியவருக்கு இரண்டு வரிசையிலும் காசு பிசகாமல் அதே 5.40 லட்சம்தான். பெருக்கலில் எதை முன்னால் வைத்தாலும் ஒன்றுதானே.

மாதம் 5,000 போட்டவருக்கு என்ன ஆகிறது? 6 சதவீதத்தில் 60 தவணை 3,49,120 ஆகச் சேரும், 12 சதவீதத்தில் நாம் பார்த்த 4,05,518, 18 சதவீதத்தில் 4,70,047. முதல் வரிசையில், 6 சதவீதத்தில் மெதுவாகச் சேர்ந்த 3,49,120 அடுத்த பத்து வருடத்தில் நல்ல வளர்ச்சியில் 4.03 மடங்காகி 14 லட்சத்தைத் தாண்டுகிறது. நடுப்பகுதிப் பணம் 18 சதவீதத்தில் வளர்ந்து 9,27,727 ஆகிறது. கடைசிப் பகுதியின் 4,70,047-ஐயும் சேர்த்தால் மொத்தம் 28.05 லட்சம். எதிர் வரிசையில், வேகமாகச் சேர்ந்த 4,70,047 பிறகு 2.36 மடங்குதான் ஆகி 11.09 லட்சத்தில் நிற்கிறது. நடுப்பகுதி 5,42,675, கடைசி 3,49,120. மொத்தம் 20 லட்சம். ஒரே சராசரி, ஒரே தவணை, எட்டு லட்சம் வித்தியாசம்.

காரணம் எளிது. முதல் ஐந்து வருடத்தில் உள்ளே இருக்கும் பணம் குறைவு, அதனால் அப்போது 18 வந்தாலும் அதை அனுபவிக்கப் பெரிய தொகை இல்லை. கடைசி ஐந்து வருடத்தில் பத்துப் பதினைந்து லட்சம் உள்ளே இருக்கும், அப்போது வரும் விகிதம்தான் முதிர்வை நிர்ணயிக்கிறது. எனவே தொடக்க வருடங்களில் சந்தை படுத்துக் கிடந்தால் பதறி எஸ்.ஐ.பி.யை நிறுத்துபவர்கள் தப்பான நேரத்தில் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய நேரம் கடைசி மூன்று நான்கு வருடம். பணம் தேவைப்படும் தேதி நிச்சயமாகத் தெரிந்தால், அந்தக் கடைசி வருடங்களில் சேர்ந்த தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிலையான வட்டி தரும் இடத்துக்கு மாற்றுவதுதான் இந்த எட்டு லட்ச ஆட்டத்தைக் குறைக்கும் வழி.

இதனால் எஸ்.ஐ.பி.க்கு ஒற்றை எண்ணாக மதிப்பீடு சொல்வதை நான் ஏற்பதில்லை. அதே கைக்கணக்கை 8, 10, 12 என்று மூன்று விகிதத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் 5,000-க்கு 15 வருடத்தில் முறையே 17 லட்சம், 20 லட்சம், 23.8 லட்சம் என்று வரும். 17 லட்சம் வந்தாலும் காரியம் நடக்கும் என்றால் திட்டம் நல்ல திட்டம். 23.8 வந்தால்தான் நடக்கும் என்றால் தவணை போதவில்லை என்று அர்த்தம்.

விலைவாசியையும் ஒருமுறை கணக்கில் கொண்டுவர வேண்டும், ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் 15 வருடத்தில் பொருள்களின் விலை 2.4 மடங்காகும். 23.8 லட்சத்தை அதனால் வகுத்தால் இன்றைய மதிப்பில் 9.93 லட்சம். இதைப் பார்த்துவிட்டு, '9 லட்சம் போட்டு 9.93 லட்சம்தானா வந்தது, பதினைந்து வருடம் வீணா' என்று கேட்பவர்கள் நிறைய. அந்த ஒப்பீடு தவறு. வந்த பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்தவர்கள், போட்ட பணத்தைக் குறைக்க மறந்துவிட்டார்கள். பத்தாவது வருடம் நீங்கள் போடும் 5,000-மும் இன்றைய 5,000 இல்லையே. 180 தவணையையும் அதே 6 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 6.01 லட்சம்தான் வரும். ஆக 6 லட்சம் போட்டு 9.93 லட்சம் எடுக்கிறீர்கள் என்பதே நேர்மையான ஒப்பீடு.

வரியைப் பொறுத்தவரை சுருக்கமாக. 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, பங்கு சார்ந்த ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்த யூனிட்டின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு 12.5 சதவீத வரி. 23,79,657-இல் லாபம் 14,79,657. மொத்தத்தையும் ஒரே வருடத்தில் எடுத்தால் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 1.76 லட்சம் அளவில் போகும், கையில் 22 லட்சம் சொச்சம் நிற்கும். கடைசி 12 தவணைக்கு ஒரு வருடம் ஆகியிருக்காது என்பதால் அவற்றின் சிறு லாபத்துக்கு 20 சதவீதம், ஆனால் அந்த லாபமே நாலாயிரத்துக்குள்தான். 15 வருடத்தில் விதி மாறலாம், எனவே இதை ரூபாய்க் கணக்காக மனதில் வைக்காமல், லாபத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி. வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை, அது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி வரம்புப்படி வரிக்கு உட்படும். ஃபண்ட் நிறுவனம் எடுக்கும் செலவைத் தனியாகக் கழிக்க வேண்டாம், அது யூனிட்டின் விலையான என்.ஏ.வி.யில் ஏற்கெனவே கழிந்தே வருகிறது. ஸ்டேட்மெண்டில் 5,000-க்குப் பதில் 4,999.75 என்று இருந்தால் அது 0.005 சதவீத முத்திரைத் தீர்வை. நம் கணக்கை அது ஒன்றும் செய்யாது.

கடைசியாக, வருடம் வருடமாகக் கட்டிய அந்தக் கைக்கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை உண்மைத் தொகையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். உதாரணமாக ஐந்தாம் வருட முடிவில் தாளில் 4,05,518 இருக்கிறது, ஃபண்டில் 3,49,120தான் சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். 56,000 குறைகிறது. இனிமேல் 12 வரும் என்று நம்பினாலும், கையில் உள்ள 3,49,120 பத்து வருடத்தில் 3.1058 மடங்காகி 10,84,313 ஆகும். இலக்கான 23,79,657-க்கு இன்னும் 12,95,344 வேண்டும். மாதம் 1 ரூபாய் போட்டால் பத்து வருடத்தில் 12 சதவீதத்தில் 224.04 ரூபாய் ஆகும். 12,95,344-ஐ 224.04-ஆல் வகுத்தால் 5,782. அதாவது ஆறாம் வருடத்திலிருந்து மாதம் 782 ரூபாய் கூட்டிப் போட வேண்டும். எக்ஸெல்லில்:

```
=PMT((1+12%)^(1/12)-1, 120, -349120, 2379657, 1)
```

விடை மைனஸில் வரும், கையை விட்டுப் போகும் பணம் என்பதால். அடுத்த பத்து வருடத்துக்கு 12-ஐ நம்ப மனம் வரவில்லை என்றால் அந்த 12-ஐ 10 ஆக்கிவிட்டு மறுபடி பாருங்கள், கூட்ட வேண்டிய தொகை எவ்வளவு ஏறுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.